பில்லில் யார் பெயர் இருக்கிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டியே இன்னொரு தொழிலும் வளர்ந்திருக்கிறது. வீட்டு மாடியிலோ பழைய குடோனிலோ இரும்பு ரேக் போட்டு, டி-சர்ட்டும் நைட்டியும் பிள்ளைகள் உடுப்பும் அடுக்கி, ஆன்லைனில் வரும் ஆர்டருக்குப் பார்சல் போடும் கடைகள். நாலைந்து பெண்கள், லேபிள் அடிக்கும் சின்ன பிரின்டர், ஒரு தராசு, சாயங்காலம் சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போகும் கொரியர் பையன். இவ்வளவுதான் பல கடைகளின் மொத்த ஏற்பாடு.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு போன் வருகிறது: “நான் கேட்டது நேவி ப்ளூ, எல் சைஸ். நீங்க அனுப்பினது வேறங்க.” அந்த நேரத்தில் மேசையில் இருப்பவர் என்ன செய்வார்? “சாரிங்க, இன்னைக்கே வேற அனுப்பிடறோம்” என்பார். ரேக்கிலிருந்து ஒன்றை எடுப்பார், கவரில் போடுவார், லேபிள் ஒட்டுவார். பார்க்க நல்ல வேலைதான். ஆனால் பார்சல் மாறிப்போன நேரத்தில் செய்யக்கூடாத முதல் காரியமும் அதுதான். எந்தப் பெட்டியிலிருந்து தவறான சட்டை வந்ததோ, அதே பெட்டியிலிருந்து இரண்டாவதையும் எடுக்கிறோம். பெட்டியே கலந்து கிடந்தால் இரண்டாவதும் தப்பாகவே போகும். முதல் தப்பைப் பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர் இரண்டாவதைப் பொறுக்கமாட்டார்.

அதனால்தான் பேக்கிங் மேசைக்கு மேலே ஒரு சின்னக் குறிப்பு ஒட்டியிருக்க வேண்டும் என்கிறேன். நீளமான விதிமுறைப் புத்தகம் அங்கே உதவாது. கை நிறைய வேலை இருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் படித்து முடிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு துணிக்கடைக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

*பார்சல் மாறிவிட்டது என்று போன் வந்தால்*
*மாற்றுப் பார்சலை உடனே போட வேண்டாம்.*
*உள்ளே இருந்த பில்லில் யார் பெயர் என்று கேட்கவும்.*
*வேறு பெயர் என்றால்: இன்னொருவருக்கும் மாறிப் போயிருக்கிறது. அந்த ஆர்டரைத் தேடி, பார்சலை நிறுத்தப் பார்க்கவும்.*
*அவர் பெயரே என்றால்: இரண்டு பெட்டிகளையும் எண்ணவும். கவரைப் பிரித்து எண்ணவும்.*
*மாற்றுப் பொருளை இன்னொருவர் பார்த்த பிறகே ஒட்டவும்.*
*ஸ்டாக்கை அன்றே திருத்தவும். நோட்டில் எழுதவும்.*
*திரும்பி வரும் துணி சிவப்புப் பெட்டிக்கு. ரேக்குக்குப் போகக்கூடாது.*

இதில் எல்லா வரியும் ஒரே எடை உள்ளவை அல்ல. இரண்டாவது வரியில்தான் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பார்சல் மாறுவது பார்க்க ஒரே தப்பு மாதிரி இருந்தாலும் அது இரண்டு இடங்களில் நடக்கலாம். ஒன்று, ரேக்கிலிருந்து எடுக்கும்போது. பில்லில் நேவி என்று இருக்க, கை கறுப்பை எடுத்துவிடும். இரண்டு, எல்லாம் சரியாக எடுத்து, பில்லோடு கவருக்குள் போட்டு ஒட்டிய பிறகு. மேசையில் ஒரே மாதிரி இரண்டு கவர்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பிரின்டரிலிருந்து இரண்டு லேபிள்கள் சேர்ந்தாற்போல் வந்திருக்கின்றன. மதுரை லேபிள் சேலத்துக் கவரிலும் சேலம் லேபிள் மதுரைக் கவரிலும் ஏறிவிடும். மூடிய கவருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது உள்ளே கிடக்கும் அந்தத் துண்டு பில்தான். எடுக்கும்போது நடந்த தப்பு என்றால், பில்லில் அவருடைய பெயரே இருக்கும், துணி மட்டும் வேறாக இருக்கும். லேபிள் மாறியிருந்தால் பில்லும் துணியும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஆனால் இரண்டுமே வேறு ஒருவருடையவை. கவரின் மேல் மட்டும்தான் இவர் பெயர் இருக்கும். ஆகவே போனில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தக் கலர் வந்ததுங்க?” என்பதல்ல. “உள்ள ஒரு பில் இருக்கும், அதுல யார் பேர் போட்டிருக்குன்னு பாருங்க” என்பதே. செலவில்லாத இந்தப் பரிசோதனைக்காகவே ஒவ்வொரு கவருக்குள்ளும் பில் போட வேண்டும். காகிதம் மிச்சம் என்று அதை நிறுத்திய கடைகள், சிக்கல் வரும் நாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகின்றன.

பில்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது வந்த பொருளையே சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆண்கள் டி-சர்ட் கேட்டவருக்கு மெரூன் நைட்டி போயிருக்கிறது என்றால் அது லேபிள் மாற்றமாகத்தான் இருக்கும். டி-சர்ட் ரேக்குக்குப் போன கை நைட்டியை எடுத்திருக்க வாய்ப்பு குறைவு. எல் கேட்டவருக்கு எக்ஸ்எல், நேவி கேட்டவருக்குக் கறுப்பு என்றால் அது பக்கத்துப் பெட்டி.

முதலில் லேபிள் மாறிய கதையை முழுதாகப் பார்ப்போம். திங்கட்கிழமை அறுபது பார்சல் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை மதுரையிலிருந்து போன்: டி-சர்ட் கேட்டேன், நைட்டி வந்திருக்கிறது. பில்லில் வேறு பெயர் என்கிறார். பெயர் வேண்டாம், மேலே இருக்கும் ஆர்டர் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேடினால் அது சேலத்து ஆர்டர் என்று தெரிகிறது. ஆக, மதுரைக்காரரின் டி-சர்ட் சேலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது போய்ச் சேர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. இந்த இடத்தில் கிடைக்கும் நேரம் விலை மதிப்புள்ளது. கொரியர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பார்சல் எங்கே நிற்கிறது என்று தெரியும். டெலிவரிக்குக் கிளம்பியிருக்காவிட்டால் திருப்பி அனுப்பச் சொல்ல முடிகிறதா என்று உடனே கொரியரிடம் கேட்க வேண்டும். கிளம்பிவிட்டது என்றால் சேலத்துக்காரருக்கு நாமே முந்திக்கொண்டு போன் செய்ய வேண்டும்: “இன்னைக்கு உங்களுக்கு ஒரு பார்சல் வருங்க, அது மாறிப்போயிடுச்சு. காசு கேட்டா கொடுக்க வேண்டாம், வாங்காம திருப்பி விட்டுடுங்க.” பொருளைப் பார்த்து ஏமாந்த பிறகு கேட்கும் மன்னிப்புக்கும், அதற்கு முன்னால் வரும் இந்தப் போனுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இங்கே ஒரு ஆசை வரும். மதுரைக்காரரும் சேலத்துக்காரரும் ஆளுக்கொரு பார்சல் போட்டு மாற்றிக்கொண்டால் நமக்குச் செலவு மிச்சம்தானே? கூடாது. பில்லில் இன்னொருவரின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கின்றன. நைட்டி வாங்கிய பெண்ணின் நம்பர் ஏற்கெனவே முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விட்டது. அதை நாமே எடுத்துக் கொடுத்து வளர்க்க வேண்டாம். அந்த பில்லைக் கவருக்குள்ளேயே வைத்து ஒட்டித் திருப்பிவிடச் சொல்வதும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாமல் இருப்பதும் நம் பொறுப்பு. இதனால்தான் ஆர்டர் எண் மட்டும் போதும் என்று குறிப்பு எழுதுகிறவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு இது தானாகத் தோன்றாது. படம் அனுப்பச் சொல்வதுதான் அவர்களுக்கு எளிது.

இன்னொன்று. ஒரு சுற்றில் இரண்டு லேபிள்கள் மட்டும்தான் மாறும் என்று நினைக்கக்கூடாது. பத்து கவரை ஒட்டி அடுக்கிவிட்டு, பத்து லேபிளைக் கிழித்து வரிசையாக ஒட்டும் பழக்கம் இருந்தால், ஒன்று தவறியதும் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஒவ்வோர் இடம் நகர்ந்துவிடும். முதலாமவருக்கு இரண்டாமவருடையது, இரண்டாமவருக்கு மூன்றாமவருடையது. சேலத்துக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கும்போது அவருக்கு வந்திருப்பது மதுரை டி-சர்ட் இல்லை, வேறு ஏதோ என்றால் சங்கிலி நீள்கிறது என்று அர்த்தம். அப்போது அன்றைய அனுப்புப் பட்டியலை எடுத்து, அந்த இடத்திலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பொருள் சரியாக இருக்கும் முதல் பார்சலில் சங்கிலி நிற்கும்.

இனி இரண்டாவது வகை. பில்லில் அவர் பெயரே இருக்கிறது, நேவிக்குப் பதில் கறுப்பு. இங்கே விசாரணை போனில் இல்லை, ரேக்கில்.

கணினியில் நேவி எல் 14, கறுப்பு எல் 9 என்று இருக்கிறது. உண்மையில் ஒரு கறுப்பு போய்விட்டது, ஆனால் கணக்கு கழித்ததோ நேவியை. அப்படியானால் பெட்டியில் நேவி 15, கறுப்பு 8 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்து அப்படியே இருந்தால் கதை முடிந்தது: ஒரு கை, ஒரு தடவை, பக்கத்துப் பெட்டிக்குப் போயிருக்கிறது. நேவி ஒன்றை எடுத்து அனுப்பலாம்.

எண்ணும்போது நேவி 20, கறுப்பு 3 என்று வந்தால்? ஆறு சட்டைகள் இடம் மாறிப் போயிருக்கின்றன. போன் செய்தவர் ஒருவர்தான். மற்ற ஐந்து பேரில் சிலர் இன்னும் கவரைப் பிரிக்கவில்லை, சிலருக்குப் பார்சல் வழியில் இருக்கிறது, ஒருவர் கறுப்பையே நேவி என்று நினைத்துப் போட்டுக்கொண்டும் இருக்கலாம். கடைசியாகக் கணக்குச் சரியாக இருந்த நாளிலிருந்து நேவி எல் போன ஆர்டர்களை எடுத்து அவர்களை நாமே கேட்க வேண்டும். எண்ணாமல் ஒருவருக்கு மட்டும் மாற்று அனுப்பிய கடைக்கு இந்த ஐந்தும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு புதிய புகாராக வரும். ஒவ்வொன்றும் தனித்தனித் தப்பு போலவே தெரியும்.

மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது, குழப்புவது அதுதான். எண்ணினால் நேவி 14, கறுப்பு 9. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் வாடிக்கையாளர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. கவரின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான் எண்ணியிருக்கிறோம். மடித்துக் கவரில் போட்ட இடத்திலேயே கறுப்புச் சட்டைக்கு நேவி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எண்ணிக்கை எப்போதும் சரியாகவே வரும், உள்ளே இருப்பது மட்டும் தப்பாக இருக்கும். பார்கோடு ஸ்கேனர் வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஸ்கேனர் படிப்பது ஸ்டிக்கரை. துணியின் நிறத்தை அது பார்ப்பதில்லை. எனவேதான் குறிப்பில் ‘கவரைப் பிரித்து எண்ணவும்’ என்று இருக்கிறது. பிரித்து, கழுத்தில் தைத்திருக்கும் சைஸ் லேபிளையும் துணியையும் பார்க்க வேண்டும். ஒன்று தப்பாக இருந்தாலும், அந்த லாட் முழுவதையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு முதலாளியிடம் சொல்ல வேண்டும். அந்த லாட்டிலிருந்து அன்று மேற்கொண்டு எதுவும் போகக்கூடாது.

நேவியையும் கறுப்பையும் ட்யூப் லைட்டில் பிரித்துச் சொல்வது நல்ல கண்ணுக்கும் கடினம். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தால் உடனே தெரியும். இரண்டு துணியிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, பெயர் எழுதி, ரேக்கில் தொங்கவிட்டிருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பெட்டி எப்படிக் கலக்கிறது? திரும்பி வரும் பார்சல்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். டெலிவரியின்போது காசு கொடுக்கும் ஆர்டர்களில் வாங்காமல் திருப்பிவிடுவது சகஜம். சாக்காக வந்து இறங்கும் அவற்றைப் பிரித்து அடுக்க நேரம் கிடைப்பது வேலை முடியும் சமயத்தில். கவர்மேல் இருப்பதைப் பார்த்து ரேக்கில் செருகிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். உள்ளே வேறு சைஸ் இருக்கலாம். வாடிக்கையாளர் தன் பழைய சட்டையை வைத்து அனுப்பியிருக்கலாம். மாறிப்போய்த் திரும்பிய அந்த நைட்டியே மறுபடி தப்பான ரேக்கில் போய் உட்காரலாம். ஒரு தப்பு திரும்பி வந்து இன்னொரு தப்புக்கு விதையாகிறது. சிவப்புப் பெட்டி இதற்காகத்தான். திரும்பி வந்த எதுவும் அதில் இறங்கும். காலையில், ஆர்டர் வேலை தொடங்கும் முன், ஒருவர் பிரித்துப் பார்த்து, புது ஸ்டிக்கர் ஒட்டியபின்தான் ரேக்குக்குப் போகும்.

ஸ்டாக்கைத் திருத்துவது பற்றி ஒரு வரி போதும்: நேவியில் ஒன்று கூட்ட வேண்டும், கறுப்பில் ஒன்று கழிக்க வேண்டும். இரண்டையும் செய்ய வேண்டும், அன்றே செய்ய வேண்டும். கறுப்பில் கழிக்காமல் விட்டால், இல்லாத ஒன்பதாவது கறுப்புச் சட்டையை யாராவது வாங்கிவிடுவார்கள்.

சரி, தப்பான சட்டையைத் திரும்ப வாங்க வேண்டுமா? இது பேக்கிங்கில் இருப்பவர் முடிவெடுக்கும் விஷயமல்ல, ஆனால் அவரைத்தான் போனில் கேட்கிறார்கள். நூற்றைம்பது ரூபாய் பனியனைத் திரும்ப எடுக்கக் கிட்டத்தட்ட அதே செலவாகும் என்றால், அவரையே வைத்துக்கொள்ளச் சொல்வது மேல். எந்த விலை வரைக்கும் அப்படிச் சொல்லலாம் என்று முதலாளி ஒரு தொகையைக் குறிப்பின் கீழே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் அவரைத் தேட வேண்டியதில்லை. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக வந்த ஆர்டர் என்றால் அந்தத் தளத்தின் ரிட்டர்ன் வழியிலேயே போகச் சொல்வதுதான் சரி; தனியாக ஒரு பார்சல் போட்டால் பிறகு கணக்குச் சேராது.

‘பார்சலைப் பிரிக்கும் வீடியோ இல்லாமல் மாற்றித் தர முடியாது’ என்று சில கடைகள் அட்டை போட்டு உள்ளே வைக்கின்றன. ஏமாற்றுகிறவர்களுக்குப் பயந்து செய்வது, புரிகிறது. ஆனால் 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டியதற்கோ ஒப்புக்கொண்டதற்கோ பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது. விற்பவருக்கு ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வாடிக்கையாளர் போன் செய்தால் வீடியோ அட்டையைக் காட்டித் தப்பிக்க முடியாது. பொய்ப் புகாரைக் கண்டுபிடிக்க, மேலே சொன்ன எண்ணிக்கையே பெரிதும் உதவும். பெட்டிகளைப் பிரித்து எண்ணியும் எல்லாம் பொருந்துகிறது, லாட்டும் சுத்தம் என்றால் அப்போது சந்தேகப்படலாம்.

இதெல்லாம் துணிக்கு. மருந்தோ குழந்தை உணவோ மாறிப்போயிருந்தால் வரிசையே வேறு. பில், பெட்டி எல்லாம் பிறகு. முதல் வார்த்தை, “அதைச் சாப்பிடாதீங்க, யாருக்கும் கொடுக்காதீங்க” என்பதுதான். இன்னொரு பார்சலையும் போட்டிருக்கக்கூடும் என்பதால் அடுத்த போன் அந்த வீட்டுக்கு.

கடைசியாக, புகார் வருவதற்கு முன்பே தப்பைப் பிடிக்கக்கூடிய நேரம் ஒன்று உண்டு. கொரியர் வருவதற்குச் சற்று முன், எல்லாக் கவரும் ஒட்டி முடிந்த பிறகு, மேசையில் ஒரு சட்டை மிச்சமாகக் கிடக்கும். “அண்ணா, ஒண்ணு மிஞ்சுதுங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ரேக்கில் வைத்துவிட்டால் இரண்டு நாள் கழித்துப் போன் வரும். 1961-இல் ஜப்பானியத் தொழிற்சாலைப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ஒரு சுவிட்ச் தயாரிப்பில் இதே குணமுள்ள ஒரு தீர்வைக் கொண்டுவந்தார். பொத்தானுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்துவிடுவார்கள். வேலையைத் தொடங்கும் முன் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சின்னத் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார் அவர். வேலை முடிந்தும் தட்டில் ஒன்று கிடந்தால் மறந்துவிட்டோம் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பேக்கிங் மேசையும் அந்தத் தட்டுதான்: பட்டியல்படி எடுத்து வைத்தவை எல்லாம் போய் மேசை காலியாக வேண்டும்.

மிச்சம் இருந்தால் எந்தக் கவரைப் பிரிப்பது? அறுபதையும் பிரிக்க வேண்டியதில்லை. மிஞ்சிய சட்டை எந்தெந்த ஆர்டரில் வருகிறது என்று பட்டியலில் பார்த்தால் ஏழெட்டுதான் தேறும். அவற்றைத் தராசில் வைத்தால், இரண்டு சட்டை இருக்க வேண்டிய கவர் ஒன்றின் எடையைக் காட்டும். தராசு எதையும் காட்டவில்லை என்றால், மிஞ்சிய சட்டைக்குப் பதில் அதே எடையுள்ள வேறு சட்டை போயிருக்கிறது. அப்போது மட்டும் அந்த ஏழெட்டையும் பிரிக்க வேண்டும். போனது சில கவர்களும் கால் மணி நேரமும்தான்.

மிஞ்சியதைச் சொல்வார்களா என்பது இன்னொரு விஷயத்தைப் பொறுத்தது. நோட்டில் ‘யார் பேக் செய்தது’ என்று ஒரு கட்டம் போட்டு, மாதக் கடைசியில் அதைப் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளில் மேசை எப்போதும் காலியாகவே இருக்கும். சட்டை சத்தமில்லாமல் ரேக்குக்குப் போயிருக்கும். அந்தக் கட்டத்துக்குப் பதிலாக ‘எந்தப் பெட்டியிலிருந்து எதற்குப் பதில் எது’ என்று எழுதச் சொல்லலாம். நேவிக்குப் பதில் கறுப்பு என்று ஒரே மாதத்தில் நாலு முறை எழுதியிருந்தால், கறுப்புப் பெட்டியைத் தூக்கி எதிர் ரேக்கில் வைத்து, நடுவில் வெள்ளையை வைத்துவிட வேண்டியதுதான்.